உற்பத்தித்திறன் கண்காணிப்பு மென்பொருள்: ஊழியர்களுக்கான அறிவிப்பை எழுதும் முறை

அலுவலகக் கணினிகளில் கண்காணிப்பு மென்பொருள் நிறுவப்படும்போது ஊழியர்களுக்கு ஓர் அறிவிப்பு கொடுக்கப்படுகிறது. அதில் பெரும்பாலும் "தங்கள் பணிக் கணினியில் நடைபெறும் செயல்பாடுகள் கண்காணிக்கப்படலாம்" என்ற ஒரே வரிதான் இருக்கும். எது பதிவாகிறது, எதற்காக, யார் பார்ப்பார்கள், அதைக் கொண்டு என்ன செய்யமாட்டார்கள் என்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் அந்த வரி பதில் சொல்வதில்லை. இந்த வழிகாட்டி அந்த நான்குக்கும் விடை தரும் அறிவிப்பை எவ்வாறு தயாரிப்பது என்பதைப் படிப்படியாக விளக்குகிறது. அறிவிப்பின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் மென்பொருளில் ஒரு செட்டிங் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிங் இல்லாத வாக்குறுதி எவ்வளவு நல்ல எண்ணத்துடன் எழுதப்பட்டாலும் உண்மையற்றதாகவே முடியும்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு மெடிக்கல் கோடிங் அலுவலகம். அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டுக் கோரிக்கைக்குரிய குறியீடுகளை இடுவது ஒரு பிரிவின் வேலை. கட்டண விவரங்களை உள்ளிடுவது மற்றொரு பிரிவின் வேலை. பத்துப் பேர் கடலூரிலும் பாகூரிலும் தங்கள் வீட்டிலிருந்தே, அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் வேலை செய்கிறார்கள்.

முதல் படி: நோக்கத்தை எழுதுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே நோக்கத்தை ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். "உற்பத்தித்திறனை மேம்படுத்துதல்" என்பது நோக்கம் ஆகாது. அந்தச் சொற்றொடருக்குள் எதை வேண்டுமானாலும் அடக்கிவிடலாம் என்பதே அதன் குறை. எந்தப் பயன்பாட்டை அனுமதிக்கலாம், எதை மறுக்கலாம் என்று பிற்பாடு ஒருவர் தாளைக் காட்டிச் சொல்லக்கூடிய அளவுக்கு நோக்கம் குறுகலாக இருக்க வேண்டும்.

நம் அலுவலகத்துக்கு இரண்டு நோக்கங்கள் உண்மையிலேயே உள்ளன. ஒன்று, மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளருக்கு வேலை நேரத்தின் கணக்கைத் தருவது. மற்றொன்று, நோயாளிகளின் விவரங்கள் அனுமதியற்ற செயலிகளுக்கோ பென் டிரைவுக்கோ போகாமல் காப்பது. "யார் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று அறிவது" என்ற மூன்றாவது நோக்கத்தை நிர்வாகி சேர்க்க விரும்பினால், சார்ட் எனப்படும் சிகிச்சைக் குறிப்புகளில் முடித்தவற்றின் எண்ணிக்கையும் தணிக்கையில் கிடைக்கும் துல்லிய மதிப்பும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன என்பதை நினைவூட்டுங்கள். வேலையின் விளைவை நேராக அளக்கும் வழி இருக்கும்போது, மௌஸ் அசைவைக் கொண்டு அதை ஊகிப்பதற்குக் காரணம் இல்லை.

இரண்டாம் படி: ஒரு சோதனைக் கணினியில் நிறுவிப் பாருங்கள்

விற்பனையாளரின் விளக்கக் கையேட்டைப் பார்த்து அறிவிப்பை எழுதாதீர்கள். மென்பொருளால் என்னென்ன முடியும் என்பதையே அது சொல்லும். உங்கள் நிறுவனத்தில் எவை இயக்கத்தில் உள்ளன என்பதைச் சொல்லாது. தனியாக ஒரு கணினியில் நிறுவி, ஒரு முழு ஷிஃப்டும் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். நடுவே வேண்டுமென்றே ஒரு வங்கியின் தளத்தைத் திறங்கள். வாட்ஸ்அப் வெப்பில் உங்களுக்கு நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள். பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் எதையாவது தேடுங்கள். மதிய உணவுக்குக் கணினியைப் பூட்டாமல் எழுந்து செல்லுங்கள். மறுநாள் நிர்வாகி கணக்கில் நுழைந்து, அந்த ஒரு நாளின் பதிவை வரி வரியாகப் பாருங்கள்.

இந்தச் சோதனையில் பலருக்கும் வியப்பளிப்பது சாளரத் தலைப்புதான். எந்தச் செயலி முன்னால் திறந்திருந்தது என்பதோடு, அதன் மேற்பட்டையில் உள்ள தலைப்பையும் பல மென்பொருள்கள் சேர்த்தே பதிகின்றன. மின்னஞ்சலின் பொருள் வரி, திறந்த கோப்பின் பெயர், மருத்துவரிடம் நேரம் பதிவு செய்த பக்கத்தின் தலைப்பு ஆகியவை அதில் வந்துவிடும். கோப்பின் பெயரில் நோயாளியின் பெயர் இருந்தால் அதுவும் பதிவில் ஏறும். பிரவுசரின் தனிப்பட்ட சாளரம் இதைத் தடுக்காது. அது பிரவுசரின் வரலாற்றை மட்டுமே மறைக்கிறது, கணினியில் தனியே ஓடும் மென்பொருளின் கண்ணிலிருந்து எதையும் மறைப்பதில்லை. "செயலிகளின் பெயர் பதிவாகும்" என்று அறிவிப்பில் எழுதிவிட்டுத் தலைப்பையும் சேர்த்துப் பதிந்தால், அறிவிப்பு பொய்யாகிவிடும்.

விசைகளைப் பதிவதிலும் இதே கவனம் தேவை. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை விசை தட்டப்பட்டது என்று எண்ணுவது ஒன்று. எந்தெந்த எழுத்து தட்டப்பட்டது என்று பதிவது வேறொன்று. இரண்டாவது முறையில் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும்கூடப் பதிவாகலாம். செட்டிங்கில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். பெயர்களும் ஒன்றுபோலவே தோன்றும். எது இயக்கத்தில் உள்ளது என்பதைப் பதிவைத் திறந்து பார்த்தே உறுதி செய்யுங்கள்.

மூன்றாம் படி: தேவையற்றதை அணைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்

இப்போது ஒவ்வொரு பதிவையும் முதல் படியில் எழுதிய இரண்டு நோக்கங்களோடு ஒப்பிடுங்கள். எந்த நோக்கத்துக்கும் உதவாத பதிவை அணைத்துவிடுங்கள். "இருந்துவிட்டுப் போகட்டும், எப்போதாவது உதவும்" என்ற வாதத்தை ஏற்காதீர்கள். பின்னாளில் கசியும் தரவு பெரும்பாலும் அப்படி விட்டு வைக்கப்பட்டதாகவே இருக்கும்.

நம் எடுத்துக்காட்டில் ஸ்கிரீன்ஷாட்டைத்தான் முதலில் அணைக்க வேண்டும். கோடிங் செய்பவரின் திரையில் எப்போதும் ஒரு நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு திறந்திருக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை எடுக்கப்படும் ஒவ்வொரு படமும் அந்தக் குறிப்பின் நகலாகி, மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் போய் அமரும். வேலைக்குத் தேவையான அளவு விவரத்தை மட்டுமே கையாள வேண்டும் என்பது நோயாளி விவரங்களைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்தின் முக்கிய விதிகளில் ஒன்று. நோயாளி விவரங்களைப் பாதுகாக்க வாங்கிய மென்பொருளே அவற்றை இன்னோர் இடத்துக்குக் கொண்டு போவதை வாடிக்கையாளர் ஏற்கமாட்டார். படம் கட்டாயம் வேண்டும் என்ற சூழலில், மங்கலாக்கிப் பதியும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மங்கலாக்குதல் ஊழியரின் கணினியிலேயே நடக்கிறதா, சர்வருக்குப் போன பிறகு நடக்கிறதா என்பதையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவற்றை முடித்த பிறகு, அறிவிப்பின் முதல் பகுதியைப் பின்வருமாறு எழுதலாம்:

> தங்களுக்கு அலுவலகம் வழங்கிய கணினியில், தாங்கள் பணி நேரத்தைத் தொடங்கியதாகப் பதிவு செய்ததிலிருந்து முடித்ததாகப் பதிவு செய்யும் வரை, பின்வருவன மட்டும் பதிவாகும்: பணி தொடங்கிய, முடிந்த நேரம், முன்னால் திறந்திருந்த செயலியின் பெயர், திறந்த இணையதளத்தின் முகவரியில் தளத்தின் பெயர் மட்டும், பென் டிரைவ் இணைக்கப்பட்ட நேரம், ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் விசைப்பலகையோ மௌஸோ பயன்படுத்தப்பட்ட நொடிகளின் எண்ணிக்கை. தட்டப்பட்ட எழுத்துகள், சாளரத் தலைப்பு, திரையின் படம், கேமரா, மைக், தாங்கள் இருக்கும் இடம் ஆகியவை பதிவாகா. தங்கள் சொந்தக் கைப்பேசியில் இம்மென்பொருள் நிறுவப்படாது.

"மட்டும்" என்ற சொல் இங்கே மிகவும் முக்கியமானது. "முதலியன", "போன்றவை" என்ற சொற்களில் ஒன்று நுழைந்தாலும் பட்டியல் திறந்துகொள்ளும்.

நான்காம் படி: செயல்பாட்டு விழுக்காட்டை விளக்குங்கள்

ஊழியர்களுக்கு மிகுந்த அச்சம் தருவதும் மேலாளர்கள் மிகவும் தவறாகப் படிப்பதும் இந்த ஓர் எண்தான் என்பதால், இதற்கு அறிவிப்பில் தனி இடம் ஒதுக்க வேண்டும். கணக்கிடும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். பரவலாக உள்ள முறைப்படி, பத்து நிமிடத்தின் 600 நொடிகளில் எத்தனை நொடிகளில் விசையோ மௌஸோ தொடப்பட்டது என்று எண்ணி, அதை விழுக்காடாக்குகிறார்கள்.

கட்டண விவரங்களை உள்ளிடும் ஊழியர் ஒருவர் ஒரு பத்து நிமிடத்தில் 450 நொடிகளில் விசையைத் தட்டினால் அவருக்கு 75 விழுக்காடு. பக்கத்து இருக்கையில் அறுவைச் சிகிச்சைக் குறிப்பைப் படிப்பவர், மயக்க மருந்தின் நேரத்தையும் செய்த செயல்முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று குறியீடுகளை மட்டும் இடுகிறார். பக்கத்தைத் தள்ளிய 90 நொடிகளும் தட்டச்சு செய்த 60 நொடிகளும் சேர்ந்து 150 நொடிகள். அவருக்கு 25 விழுக்காடு. இருவரில் இரண்டாமவர் மும்மடங்கு சோம்பேறி என்று அந்த எண் சொல்வது போலத் தோன்றும். உண்மையில் அவர் செய்ததே அந்த அலுவலகத்தின் கடினமான வேலை. அவசரமாகப் படித்துத் தவறான குறியீட்டை இட்டால் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்துவிடும்.

செயலற்ற நேரம் இதைவிடக் கூர்மையான சிக்கல். ஐந்து நிமிடம் எதையும் தொடாவிட்டால் செயலற்ற நேரம் என்று மென்பொருள் குறிப்பதாக வைத்துக்கொள்வோம். மேலதிகாரியோடு தொலைபேசியில் பேசியதும், அச்சிட்ட விதிமுறையைப் படித்ததும், பயிற்சிக் கூட்டத்தில் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் அதில் விழும். சில மென்பொருள்களில் இந்த நேரத்தைப் பணி நேரத்திலிருந்து தானாகக் கழிக்கும் செட்டிங் உள்ளது. அது இயக்கத்தில் இருந்து, வருகைப் பதிவு நேரே சம்பளக் கணக்கோடும் இணைக்கப்பட்டிருந்தால், ஒரு மனிதரும் முடிவெடுக்காமலேயே ஊதியம் குறைந்துவிடும். அறிவிப்பை வெளியிடுவதற்கு முன் இந்த இணைப்பைச் சம்பளக் கணக்குப் பார்ப்பவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.

இந்த எண்ணுக்கு முக்கியத்துவம் கொடுக்கப்பட்ட இடங்களில் அது விரைவில் பயனற்றுப் போவதையும் காணலாம். படிக்கும்போதே காரணமின்றி மௌஸை அசைக்கும் பழக்கம் வந்துவிடும். சார்ட்டுகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்க, அலுவலகம் முழுவதும் விழுக்காடு மட்டும் உயர்ந்தால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம்.

அறிவிப்பில் இப்படி எழுதுங்கள்:

> இந்த எண் கருவி தொடப்பட்ட நேரத்தை மட்டுமே காட்டுகிறது. படிப்பதையும் சிந்திப்பதையும் பேசுவதையும் அது அறியாது. எனவே இது ஊதியம், ஊக்கத்தொகை, அப்ரைசல், டார்கெட், தரவரிசை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தப்படாது. செயலற்ற நேரம் பணி நேரத்திலிருந்து தானாகக் கழிக்கப்படாது. வாடிக்கையாளருக்குப் பிரிவு வாரியான மொத்த நேரம் மட்டுமே அனுப்பப்படும். தனிநபர் எண்கள் அனுப்பப்படா.

ஐந்தாம் படி: எல்லைகளை எழுதுங்கள்

எல்லை என்பது யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், எந்த முடிவுக்குப் பயன்படுத்தலாம் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். "உரிய அதிகாரிகள்" என்று எழுதினால் யாரும் உரியவராகிவிடலாம். ஆகவே பதவியைக் குறிப்பிடுங்கள்: எச்.ஆர். மேலாளரும் தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளரும் தனிநபர் பதிவைப் பார்க்கலாம். சூப்பர்வைசருக்குப் பிரிவின் மொத்தம் மட்டுமே தெரியும். பல மென்பொருள்களில் சூப்பர்வைசர் கணக்கு தொடங்கியவுடனே அவருடைய குழுவின் முழுப் பதிவும் திறந்துவிடும் என்பதால், அவருடைய கணக்கில் நுழைந்து பார்த்த பிறகே இந்த வாக்கியத்தை எழுத வேண்டும். பதிவை யார் எப்போது திறந்தார் என்ற குறிப்பும் சேமிக்கப்பட வேண்டும்.

கால அளவில் சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் வகையில் வகுக்கப்பட்டுள்ளன. நோக்கம் முடிந்தபின் தரவை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதே வேளையில், அரசு சட்டப்படி கேட்கக்கூடிய சில தேவைகளுக்காகத் தரவையும் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்ற பிரிவும் விதிகளில் உள்ளது. ஆகவே "90 நாளில் அழிக்கப்படும்" என்று எழுதுவதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 90 நாளுக்குப் பிறகு நிர்வாகத்தின் பார்வையிலிருந்து நீக்கி, சட்டத் தேவைக்காக மட்டும் பூட்டி வைத்து, ஓராண்டில் அழிப்பது ஒரு நடைமுறைத் தீர்வு. அப்படிச் செய்தால் அறிவிப்பிலும் அப்படியே எழுதுங்கள்.

முடிவுகளைப் பொறுத்தவரை, பதிவை மட்டும் ஆதாரமாகக் கொண்டு எந்த ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கப்படாது என்ற வாக்கியம் அவசியம். பென் டிரைவ் இணைக்கப்பட்டதாகப் பதிவு காட்டினால், அந்த நாளின் பதிவை ஊழியருக்குக் காட்டி, அவருடைய விளக்கத்தை எழுத்தில் பெற்று, வேறோர் ஆதாரத்தோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த கட்டம். தொலைபேசியை சார்ஜ் செய்யக் கேபிளை மாட்டியதையும் சேமிப்புக் கருவி இணைக்கப்பட்டதாக மென்பொருள் காட்டுவது உண்டு.

ஆறாம் படி: வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்குத் தனிப் பகுதி

கடலூரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் மோடம் அணைந்துவிடும். அந்த நேரம் பதிவில் செயலற்ற நேரமாகவோ வெற்றிடமாகவோ தெரியும். புயல் காலத்தில் இது மணிக்கணக்கில் போகாமல் நாள் கணக்கில் போகும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இந்தப் பகுதி எப்படி முடங்கியது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மின்தடை, இணையத் தடை ஆகியவற்றை ஊழியர் ஒரு குறுஞ்செய்தியில் தெரிவித்தால் போதும், அந்த வெற்றிடத்துக்கு மேற்கொண்டு விளக்கம் கேட்கப்படாது என்று எழுதுங்கள்.

பணி நேரம் முடிந்ததாகப் பதிவு செய்த பிறகு மென்பொருள் உண்மையில் நிற்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். ஊழியரே தொடங்கி நிறுத்தும் வகையும், கணினி இயங்கும் நேரமெல்லாம் மறைவாக ஓடும் வகையும் ஒரே மென்பொருளில் இருக்கலாம். மறைவாக ஓடும் வகையை நம் அலுவலகத்துக்குப் பரிந்துரைக்கமாட்டேன். திரையின் ஓரத்தில் சின்னம் தெரிய வேண்டும். அது தெரியாத நேரத்தில் பதிவு இல்லை என்று ஊழியர் நம்ப முடிய வேண்டும்.

ஏழாம் படி: கையொப்பமும் மொழியும்

அறிவிப்பின் அடியில் "சம்மதிக்கிறேன்" என்று கையொப்பம் வாங்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சம்மதம் சுதந்திரமாகவும் நிபந்தனையின்றியும் தரப்பட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று அஞ்சிக் கையொப்பமிடுவது அப்படிப்பட்டதல்ல. வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் சம்மதம் இல்லாமலேயே தரவைக் கையாள அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. நம் அலுவலகம் அதைத்தான் சார்ந்திருக்கிறது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, "படித்தேன், ஒரு நகல் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் கையொப்பம் வாங்குவதே நேர்மை.

இதில் ஊழியருக்கு ஒரு இழப்பு மறைந்திருப்பதையும் சொல்ல வேண்டும். தன் தரவைப் பார்க்கவும் திருத்தவும் சட்டம் தரும் உரிமைகள் பெரும்பாலும் சம்மதத்தின் அடிப்படையில் பெறப்பட்ட தரவோடு இணைக்கப்பட்டுள்ளன. 7-ஆம் பிரிவைச் சார்ந்தால் அந்த உரிமைகளைச் சட்டம் தானாகத் தராமல் போகலாம். ஆகவே நிறுவனமே அவற்றைத் தர வேண்டும்: ஊழியர் எழுதிக் கேட்டால் ஏழு வேலை நாளில் அவருடைய பதிவு காட்டப்படும்; பிழை இருந்தால் அவருடைய விளக்கம் பதிவோடு இணைக்கப்படும்; குறையைக் கேட்க சூப்பர்வைசர் அல்லாத ஒருவர் நியமிக்கப்படுவார்.

அறிவிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுங்கள். ஏனாமிலிருந்தோ மாஹேயிலிருந்தோ வந்தவர்கள் இருந்தால் தெலுங்கிலும் மலையாளத்திலும் கொடுங்கள். மென்பொருள் இயங்கத் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்கள் முன்பு கொடுத்து, ஒரு கூட்டத்தில் சோதனைக் கணினியின் ஒரு நாள் பதிவைத் திரையில் காட்டுங்கள். தங்களைப் பற்றி என்ன தெரியும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எழும் கேள்விகளே பயனுள்ளவை. அவற்றுக்கான பதில்களையும் அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: மாற்றங்களைக் கவனியுங்கள்

மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறும்போது, அணைத்து வைத்திருந்த வசதி மீண்டும் இயங்கத் தொடங்குவதும், புதிதாகச் சேர்ந்த வசதி இயங்கும் நிலையிலேயே வருவதும் நடக்கக்கூடியவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டாம் படியின் சோதனையைத் திரும்பச் செய்து, பதிவை அறிவிப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அறிவிப்பில் இல்லாத ஒன்று பதிவாகியிருந்தால் அதை அணைத்து, அதுவரை சேர்ந்ததை அழித்து, நடந்ததை ஊழியர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். புதிதாக ஒன்றைப் பதிய வேண்டிய தேவை வந்தால், நோக்கத்தைச் சொல்லும் புதிய அறிவிப்பு தேதியுடன் வெளிவந்து, அதே இரண்டு வாரம் கழிந்த பிறகே அந்தச் செட்டிங்கை இயக்க வேண்டும். அதற்கு முந்தைய நாட்களின் தரவைப் புதிய நோக்கத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற வரியையும் அந்த அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.